கிள்ளானில் நிற்கும் சரக்கு: ஃபார்வர்டரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

கேள்வி: சுங்கை சிப்புட்டில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து வாங்கிய பித்தளை விளக்கு, மணி, பாத்திரம் எல்லாம் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. ஃபார்வர்டர் ஆபீஸில் கேட்டால், "கஸ்டம்ஸில் இருக்கிறது மேடம், பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பதோடு சரி. எஸ்டேட் கோயிலுக்கு நவராத்திரிக்கு விளக்கு தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். என்னென்ன விவரம் கொடுத்து எப்படி எழுதிக் கேட்டால் உண்மை நிலை தெரியும் அண்ணா?

பதில்:

முதலில் ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள் தங்கச்சி. கே1 பதிவு எண், அது பதிவான தேதியோடு. உள்நாட்டுப் பயன்பாட்டுக்காக இறக்குமதியாகும் சரக்குக்குச் சுங்கத்துறையிடம் கொடுக்கும் அறிவிப்புப் படிவம்தான் கே1. உங்கள் சார்பில் ஏஜெண்ட் அதை மின்னணு முறையில் அனுப்பி, அது ஏற்கப்பட்டதும் பதிவு எண் கிடைத்துவிடும். எண் இருந்தால் சரக்கு உண்மையிலேயே சுங்கத்துறையின் கையில் இருக்கிறது. எண் இல்லையென்றால் உங்கள் கோப்பு இன்னும் ஏஜெண்டின் மேசையில்தான் கிடக்கிறது, "கஸ்டம்ஸில் இருக்கிறது" என்று அவர்கள் எத்தனை தடவை சொன்னாலும் சரி.

கிள்ளானில் ஃபார்வர்டிங் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பதிலை எல்லாரும் பொய்யென்று தெரிந்தே சொல்வதில்லை. தொலைபேசியை எடுக்கும் பெண்ணுக்குக் கணினித் திரையில் தெரிவது "கிளியரன்ஸ் நிலுவை" என்ற ஒரு வரிதான். அதற்குப் பின்னால் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியாது. அதனால் அவரிடம் கோபப்பட்டுப் பயன் இல்லை. திரையை விட்டு எழுந்துபோய்க் கோப்பைத் திறந்து பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும் என்ற மாதிரிக் கேள்வியை எழுத்தில் அனுப்ப வேண்டும்.

ஒரு கடைக்கு வரும் விளக்கும் பாத்திரமும் முழுக் கண்டெய்னரை நிரப்பாது. எனவே உங்களுடையது பலர் சரக்கைச் சேர்த்து ஏற்றும் எல்சிஎல் முறையில் வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த முறையில் சரக்கு பல கை மாறும். சென்னையில் ஒரு கன்சாலிடேட்டர் எல்லார் சரக்கையும் ஒரே கண்டெய்னரில் அடைக்கிறார். கப்பல் நிறுவனம் அவர் பெயருக்கு மாஸ்டர் பில் என்ற சரக்கேற்றுச் சீட்டைக் கொடுக்கிறது. அவர் உங்களைப் போன்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஹவுஸ் பில் கொடுக்கிறார். கிள்ளானில் அவருடைய கூட்டாளி கண்டெய்னரைச் சிஎஃப்எஸ் எனப்படும் கிடங்குக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கிறார். அதன் பிறகே உங்கள் ஃபார்வர்டர் வருகிறார். அவருக்கே சுங்க ஏஜெண்ட் அனுமதி இல்லையென்றால் கே1 வேலையை இன்னோர் ஏஜெண்டிடம் கொடுத்திருப்பார். இத்தனை பேரில் யாரிடம் தாமதம் என்று தெரியாமல் நீங்கள் ஒருவரை மட்டும் விரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஹவுஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். சரக்கைப் பெற யாரை அணுக வேண்டும் என்று ஒரு கட்டத்தில் கிள்ளான் அலுவலகம் ஒன்றின் பெயரும் முகவரியும் இருக்கும். அதுதான் கன்சாலிடேட்டரின் கூட்டாளி. பெரும்பாலும் அது உங்கள் ஃபார்வர்டராக இருக்காது. சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர் அந்த அலுவலகத்திலிருந்துதான் வரவேண்டும். சுங்கத்துறை விடுவித்த பிறகும் சரக்கு நகராமல் நிற்பதற்கு இந்த ஆர்டர் வராததே பல நேரம் காரணம். உங்கள் ஃபார்வர்டர் அவர்களுக்குரிய கட்டணத்தைச் செலுத்தியிருக்க மாட்டார், அல்லது மூல ஹவுஸ் பில் சென்னையிலிருந்து இன்னும் வந்திருக்காது.

இனி, கடிதத்தில் என்ன எண்களைக் கொடுப்பது என்பது. எல்லா எண்ணும் எல்லா இடத்திலும் வேலை செய்யாது. ஹவுஸ் பில் எண் ஃபார்வர்டரிடமும் கன்சாலிடேட்டரிடமும் செல்லும். அதைக் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் ஒன்றும் வராது. அங்கே மாஸ்டர் பில் எண்ணோ கண்டெய்னர் எண்ணோதான் வேண்டும். மாஸ்டர் பில் கன்சாலிடேட்டரின் பெயரில் இருப்பதால் அதைக் கொடுக்கத் தயங்குவார்கள். பரவாயில்லை, கண்டெய்னர் எண் போதும். அது நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். தொலைபேசியில் கேட்டு எழுதிய எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் தளம் பெரும்பாலும் அதை ஏற்காது. அதனால் எண்ணை ஹவுஸ் பில்லிலிருந்து பார்த்து எழுதுங்கள்.

ஃபார்வர்டருக்கு எழுதுமுன் அந்த எண்ணை வைத்து நீங்களே ஒரு சோதனை செய்துவிடலாம். கண்டெய்னர் கப்பலிலிருந்து இறங்கிய நாளும், துறைமுக வாசலைத் தாண்டிய நாளும், காலிப் பெட்டி திருப்பித் தரப்பட்ட நாளும் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் வரிசையாகத் தெரியும். காலிப் பெட்டி திரும்பிவிட்டது என்று இருந்தால், உங்கள் சரக்கு கிடங்கில் பிரித்து வைக்கப்பட்டு முடிந்தது. அதன் பிறகு யாராவது "கண்டெய்னர் இன்னும் திறக்கவில்லை" என்று சொன்னால் நம்ப வேண்டாம். மாறாக, பெட்டி இறங்கிய இடத்திலேயே நிற்கிறது என்றால் காரணம் உங்கள் விளக்காக இல்லாமலும் இருக்கலாம். அதே பெட்டியில் வந்த வேறொருவர் சரக்கின் மேல் சந்தேகம் வந்து ஸ்கேனருக்கு அனுப்பியிருந்தால், பெட்டியில் உள்ள எல்லார் சரக்கும் சேர்ந்தே நிற்கும். எல்சிஎல்லில் இந்தத் தொல்லைக்கு மருந்து இல்லை. எத்தனை நாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் முடியும்.

கடிதம் இப்படி இருக்கட்டும். எண்களெல்லாம் மாதிரிக்கானவை, உங்கள் தாள்களில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் மலாயோ ஆங்கிலமோ படிப்பவர்தான் இதைக் கையாள்வார் என்றால் அந்த மொழியில் அனுப்புங்கள், வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

பொருள்: ஹவுஸ் பில் MAAPKG02417, கண்டெய்னர் CSQU3054383, சுங்க விடுவிப்பு நிலை

ஐயா, வணக்கம். கீழ்க்காணும் சரக்கின் இறக்குமதியாளர் நான்.
ஹவுஸ் பில்: MAAPKG02417
கண்டெய்னர்: CSQU3054383
கப்பல், வாயேஜ்: ஹவுஸ் பில்லில் உள்ளபடி
கிள்ளான் வந்த தேதி: செப்டம்பர் 8
இன்வாய்ஸ்: EX/118, ஆகஸ்ட் 21
சரக்கு: பித்தளை எண்ணெய் விளக்கு, மணி, பாத்திரம். 14 பொதிகள், 486 கிலோ
இறக்குமதியாளர்: கடையின் பதிவுப் பெயர், நிறுவனப் பதிவு எண்

இவற்றுக்குப் பதில் வேண்டுகிறேன்.
1. கே1 சமர்ப்பிக்கப்பட்டதா? ஆமெனில் பதிவு எண், தேதி. படிவத்தின் நகல் ஒன்றும் அனுப்பவும். இல்லையெனில் எந்த ஆவணத்துக்காகக் காத்திருக்கிறீர்கள், யாரிடமிருந்து?
2. சுங்கத்துறையோ வேறு துறையோ விளக்கம் கேட்டிருந்தால், கேட்ட வாசகம் அப்படியே, கேட்ட தேதி, நீங்கள் பதில் அளித்த தேதி.
3. வரி செலுத்தியாகிவிட்டதா? நான் பணம் அனுப்ப வேண்டியிருந்தால் தொகை எவ்வளவு?
4. டெலிவரி ஆர்டர் கிடைத்துவிட்டதா?
5. சரக்கு எந்தக் கிடங்கில் இருக்கிறது? வாடகையில்லாத கடைசி நாள் எது?

நாளை மாலை 4 மணிக்குள் பதில் தரவும். என்னிடமிருந்து ஏதும் தேவையென்றால் அன்றே அனுப்பிவிடுகிறேன்.

பொருள் வரியில் இரண்டு எண்களையும் போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல் வரும் அலுவலகத்தில் "சரக்கு பற்றி அவசரம்" என்ற தலைப்பை யாரும் முதலில் திறப்பதில்லை. எண் இருந்தால் அதைக் கோப்போடு பொருத்திப் பார்க்கலாம், சம்பந்தப்பட்டவருக்கு அப்படியே தள்ளியும் விடலாம். பொதிகளின் எண்ணிக்கையும் எடையும் கொடுப்பதும் வீண் அல்ல. ஹவுஸ் பில்லில் 14 பொதி என்றிருக்க, பேக்கிங் லிஸ்ட்டில் 13 என்றிருந்தால் கே1 அங்கேயே நின்றுவிடும். மேனிஃபெஸ்ட் எனப்படும் சரக்குப் பட்டியலைத் திருத்துவது கன்சாலிடேட்டர் வேலை. அதை யாராவது எடுத்துச் சொல்லும்வரை அவர் தொடவும் மாட்டார்.

ஐந்து கேள்விகளில் எதையும் "சீக்கிரம் முடிந்துவிடும்" என்று சொல்லித் தாண்ட முடியாது. எண், தேதி, தொகை, பெயர் என்று ஏதாவது ஒன்றைத் தந்தே ஆக வேண்டும். அப்படியும் வெறும் வார்த்தை வந்தால், அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, "கேள்வி 1-க்குப் பதில் வரவில்லை" என்று மட்டும் எழுதி, அலுவலக மேலாளரையும் நகலில் சேருங்கள். புதிய மின்னஞ்சல் தொடங்க வேண்டாம். தேதிவாரியான தொடர் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதன் பயனைக் கடைசியில் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் பேசினாலும் அன்றைய முடிவை மின்னஞ்சலில் இரண்டு வரியில் பதிந்துவிடுங்கள்.

இனி உங்கள் சரக்கை நினைத்துப் பார்க்கிறேன். பித்தளைச் சாமான் என்றதும் எனக்குச் சந்தேகம் வருவது இரண்டாவது கேள்வியின் மேல்தான். சென்னைக் கடைக்காரர்கள் இன்வாய்ஸில் "பூஜைப் பொருட்கள்" அல்லது "பித்தளைச் சாமான்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடுவார்கள். நம் வீட்டில் அது சரி. சுங்க வகைப்பாட்டில் அப்படி ஒரு பொருள் இல்லை. எண்ணெய் விளக்கு மின்சாரமில்லாத விளக்குகளுக்கான 9405.50 என்ற வகை எண்ணில் வரும். அதற்குள்ளேயே சமயச் சடங்குக்கான பித்தளை விளக்குக்கு ஆசியான் நாடுகளின் பட்டியலில் தனி உட்பிரிவு உண்டு. மணி 8306-இல் வரும், சிறு சிலைகளும் அங்கேதான். பித்தளை செம்புக் கலவை ஆகையால் குடம், தாம்பாளம் போன்ற பாத்திரங்கள் 7418-க்குப் போகும். ஒரே இன்வாய்ஸுக்குள் மூன்று தலைப்பு இருக்கிறது. வரி விகிதமும் அதற்கேற்ப மாறலாம். அதிகாரி "எது எவ்வளவு, படம் காட்டு" என்று கேட்பது நியாயம்தான்.

அந்தக் கேள்வி வந்திருந்தால் அதைத் தீர்க்கக்கூடியவர் ஃபார்வர்டர் அல்ல, நீங்களும் சென்னை வியாபாரியும்தான். ஆனால் ஏஜெண்ட் அதைத் தன் மொழியில் சுருக்கி, "கூடுதல் ஆவணம் கேட்கிறார்கள்" என்று உங்களிடம் சொல்வார். என்ன ஆவணம் என்று தெரியாமல் நீங்கள் இன்வாய்ஸையே மறுபடியும் அனுப்புவீர்கள். மூன்று நாள் போய்விடும். கேட்ட வாசகத்தை அப்படியே அனுப்பச் சொன்னது இதற்காகத்தான். வாசகம் கையில் வந்துவிட்டால் வேலை ஒரே மாலையில் முடியும். சென்னை வியாபாரியிடம் இன்வாய்ஸைப் பொருள்வாரியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். குத்துவிளக்கு, உயரம் இவ்வளவு, இத்தனை எண்ணிக்கை, ஒன்றின் விலை, மொத்த எடை என்று. மணிக்கும் குடத்துக்கும் அதே மாதிரி. ஒவ்வொரு வகைக்கும் ஒரு புகைப்படம், விளக்கில் எண்ணெய் ஊற்றும் குழி தெரியும்படி. அலங்காரச் சிலையா விளக்கா என்ற சந்தேகம் அந்தக் குழியைக் கண்டதும் தீர்ந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். விவரத்தைத் தெளிவாக்கலாம், மொத்தத் தொகை மாறக்கூடாது. "மதிப்பைக் கொஞ்சம் குறைத்து இன்னொரு இன்வாய்ஸ் வாங்குங்கள், சீக்கிரம் விட்டுவிடுவார்கள்" என்று எந்த எழுத்தராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வங்கி வழியாக நீங்கள் அனுப்பிய தொகை ஒன்று, இன்வாய்ஸ் ஒன்று என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கே1-இல் இறக்குமதியாளர் என்று இருப்பது உங்கள் பெயர். அதனால்தான் படிவத்தின் நகலையும் கேட்கச் சொன்னேன். நகல் வந்ததும் பொருள் விவரம், மதிப்பு, பொதி எண்ணிக்கை மூன்றையும் உங்கள் தாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரி தொடர்பாக இன்னும் ஒன்று. ஆசியான்-இந்தியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ்ச் சலுகை கோரியிருந்தால் இந்தியாவிலிருந்து படிவம் ஏஐ என்ற தோற்றச் சான்றிதழ் வேண்டும். சென்னை வியாபாரி அதை வாங்கவே இல்லை, ஏஜெண்ட் அதற்காகக் காத்திருக்கிறார் என்பதும் நடக்கக்கூடியது. அப்படியென்றால் சலுகையால் மிச்சமாகும் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கிடங்கு வாடகையும் நவராத்திரியும் அதைவிடப் பெரிது என்றால் சலுகை இல்லாத வீதத்திலேயே கட்டிச் சரக்கை எடுங்கள். மிச்சம் சில நூறு ரிங்கிட் என்றால் நானாக இருந்தால் காத்திருக்க மாட்டேன்.

கேள்வியில் "வேறு துறையோ" என்று சேர்த்ததும் காரணத்தோடுதான். குத்துவிளக்குகளை மரப்பெட்டியில் அடைத்திருந்தால், வெப்பச் சிகிச்சை செய்த மரம் என்பதற்கான சர்வதேச முத்திரை அதில் இருக்க வேண்டும். கோதுமைக் கதிர் போன்ற சின்னமும் நாட்டுக் குறியீடும் கொண்ட முத்திரை அது. முத்திரை இல்லையென்றால் நிறுத்துவது சுங்கத்துறை அல்ல, தாவரத் தனிமைப்படுத்தல் சோதனையைப் பார்க்கும் அதிகாரிகள். அங்கே இன்வாய்ஸோ புகைப்படமோ உதவாது, மரத்துக்குத்தான் வழி பார்க்க வேண்டும். இதையும் ஏஜெண்ட் "கஸ்டம்ஸ்" என்றே சொல்லக்கூடும். சரக்கை அடைத்தபோது எடுத்த படம் சென்னையில் யாரிடமாவது இருந்தால் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிடங்கு வாடகை விஷயம் பலருக்கும் கடைசியில்தான் தெரியவரும். எல்சிஎல் சரக்குக்குச் சில நாள் வாடகை கிடையாது. அதன்பின் கன அளவு, எடை இரண்டில் எது கூடுதலோ அதன்படி கணக்கு ஓடும். பித்தளை கனமான சரக்கு, எனவே எடை பக்கமே சாயலாம். கப்பல் வந்த நாளிலிருந்தா, பெட்டி பிரித்த நாளிலிருந்தா கணக்கு என்பது கிடங்குக்குக் கிடங்கு மாறும். "வாடகையில்லாத கடைசி நாள் எது" என்று நாளாகவே கேட்கச் சொன்னது அதனால்தான்.

இப்போது அந்தத் தேதித் தொடரின் பயன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பல் செப்டம்பர் 8. நீங்கள் எல்லா ஆவணங்களையும் 5-ஆம் தேதியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டீர்கள். கே1 பதிவான தேதி 17 என்று பதில் வருகிறது. சுங்கத்துறை 18-இல் விளக்கம் கேட்டிருக்கிறது, உங்களிடம் சொன்னது 22-இல். சுங்கத்துறைக்கு எழுதப்படும் பழியில் பெரும்பகுதி ஏஜெண்டுடையது என்று இந்தத் தேதிகளே காட்டிவிடும். ஃபார்வர்டரின் கட்டண பில் வரும்போது, 8 முதல் 17 வரையிலும் 18 முதல் 22 வரையிலும் ஏறிய வாடகையை ஏன் நான் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். முழுவதும் தள்ளுபடி ஆகும் என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய வணிக விதிமுறைகளில் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளும் வாசகங்கள் இருக்கும். ஆனால் தேதி போட்டுப் பேசுகிறவரிடம் பாதியையாவது விட்டுக்கொடுப்பார்கள். இதையெல்லாம் சரக்கு கைக்கு வந்த பிறகு பேசுங்கள். நடுவில் சண்டை போட்டால் கோப்பு இன்னும் அடியில் போகும்.

கே1 எண் வந்து, ஆனால் ஒரு வாரமாக நிலையில் மாற்றமே இல்லை என்றால் அந்த எண்ணோடு நீங்களே சுங்கத்துறையிடம் விசாரிக்கலாம். இறக்குமதியாளர் நீங்கள்தானே. ஏஜெண்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கேட்பது மரியாதை. எண் இல்லாமல் போய் நின்றால் அதிகாரிக்குத் தேடிப் பார்க்க எதுவும் இருக்காது. "ஏஜெண்டைக் கேளுங்கள்" என்றே அனுப்பிவிடுவார்.

விடுவிப்பு ஆன செய்தி வந்ததும் கோயில் தலைவருக்குத் தொலைபேசி போட்டுவிடாதீர்கள். டெலிவரி ஆர்டர் கையில் இருக்கிறதா, கிடங்கில் லாரிக்கு எந்த நேரம் வரை சரக்குக் கொடுப்பார்கள் என்ற இரண்டையும் உறுதி செய்யுங்கள். சிறு சரக்கை வட மாநிலங்களுக்கு எடுத்துச் செல்லும் லாரிகள், போதிய சரக்கு சேர்ந்த பிறகே ஈப்போ பக்கம் புறப்படும். வெள்ளிக்கிழமை மாலை விடுவிப்பு என்றால் திங்களன்றுதான் ஏறும். அவசரம் என்றால் கோயிலுக்கு ஒப்புக்கொண்ட விளக்குகள் உள்ள பொதி எண்களைப் பேக்கிங் லிஸ்ட்டில் குறித்து, லாரிக்காரரிடம் அவற்றைக் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள். சுங்கை சிப்புட்டில் கதவைத் திறந்ததும் அவைதான் முதலில் இறங்கும், மீதியைக் கடையில் சாவகாசமாகப் பிரித்துக்கொள்ளலாம்.